ஒரு டாலருக்கு 65 ரூபாயா, 20 ரூபாயா?

2017-ஆம் ஆண்டில் ஒரு டாலரின் சந்தை விலை சராசரியாக 65 ரூபாய் 12 காசு. அதே ஆண்டுக்கு உலக வங்கி வெளியிட்ட இன்னொரு கணக்கில், ஒரு டாலருக்கு 20 ரூபாய் 65 காசு என்று போட்டிருக்கிறது. அச்சுப்பிழை இல்லை. முதல் எண், டாலரை வாங்கவும் விற்கவும் சந்தையில் நடந்த விலை. இரண்டாவது எண் வேறொரு கேள்விக்குப் பதில்: அமெரிக்காவில் ஒரு டாலர் கொடுத்தால் எவ்வளவு பொருளும் சேவையும் கிடைக்குமோ, அதே அளவை இந்தியாவில் வாங்க எத்தனை ரூபாய் வேண்டும்? இதைத்தான் வாங்கும் திறன் சமநிலை, சுருக்கமாக பிபிபி, என்கிறார்கள்.

இந்தியா உலகின் மூன்றாவது பெரிய பொருளாதாரம் என்று ஒரு செய்தி சொல்லும். இல்லை, இன்னும் கீழேதான் இருக்கிறது என்று இன்னொரு செய்தி சொல்லும். பெரும்பாலும் இரண்டு பேரும் பொய் சொல்வதில்லை. ஒருவர் 20.65 மாதிரியான எண்ணால் வகுத்திருப்பார், மற்றவர் 65.12 மாதிரியான எண்ணால்.

இந்தக் கருத்தின் அடிப்படை மிக எளிது. ஒரே பொருள் இரண்டு ஊரில் இரண்டு விலைக்கு விற்றால், விலை குறைந்த ஊரில் வாங்கி, விலை கூடிய ஊரில் விற்க யாராவது கிளம்பிவிடுவார்கள். இங்கே வாங்குபவர் கூடுவதால் இங்கே விலை ஏறும், அங்கே சரக்கு குவிவதால் அங்கே விலை இறங்கும். கடைசியில் இரண்டும் ஒன்றுக்கொன்று நெருங்கி வந்துவிடும். இரண்டு ஊரிலும் வேறு வேறு நாணயம் புழங்கினால், விலைகளோடு சேர்ந்து நாணய மாற்று விகிதமும் நகர்ந்து இந்த இடைவெளியை மூடும். ஒரு பொருளுக்குப் பதில் ஒரு கூடை நிறையப் பொருள்களை வைத்து இதையே சொன்னால் அதுதான் பிபிபி: ஒரே கூடை, எந்த நாணயத்தில் வாங்கினாலும் ஒரே மதிப்பு.

தங்கத்தில் இது ஏறக்குறைய அப்படியே நடக்கிறது. தூய்மை ஒன்றுதான், எடை ஒன்றுதான், ஒரு கிலோவைக் கைப்பையில் கொண்டுபோய்விடலாம். துபாய் விலைக்கும் சென்னை விலைக்கும் உள்ள வித்தியாசத்தில் பெரும்பகுதி இறக்குமதி வரிதான். 2017-இல் அந்த வரி 10 சதவீதம். அந்த இடைவெளியை நம்பியே ஒரு கடத்தல் தொழில் நடக்கிறது என்பதே, விலைகளைச் சமமாக்கப் பார்க்கும் விசை எவ்வளவு வலுவானது என்பதற்குச் சான்று. ஆனால் நம் செலவில் தங்கம் மாதிரி நடந்துகொள்ளும் பொருள்கள் ரொம்பக் குறைவு.

முடிவெட்டுவதை எடுத்துக்கொள்வோம். சின்னச் சின்ன ஊர்களில் 80 ரூபாய்க்கு முடிவெட்டிக்கொள்ளலாம் என்று வைத்துக்கொள்வோம், அமெரிக்காவில் அதற்கு 20 டாலர். சந்தை விகிதத்தில் அது 1,300 ரூபாய். விலை வித்தியாசம் பதினாறு மடங்குக்கு மேல். ஆனாலும் யாரும் முடிவெட்டிக்கொள்ள விமானம் ஏறி இங்கே வரப்போவதில்லை. இங்கிருக்கும் முடிதிருத்துநரும் நினைத்த மாத்திரத்தில் அங்கே போய்க் கடை போட முடியாது, விசா வேண்டும். இடைவெளியை மூடப் புறப்படும் ஆள் இங்கே இல்லை. வீட்டு வாடகை, ஆட்டோக் கட்டணம், டியூஷன், உள்ளூர் மருத்துவரின் ஃபீஸ் எல்லாம் இந்த வகைதான்.

சரி, எல்லை தாண்டிப் போகாத சேவைகளின் விலை நாட்டுக்கு நாடு வேறாக இருக்கலாம். ஆனால் ஏன் எப்போதும் பணக்கார நாட்டில் கூடுதலாகவும் ஏழை நாட்டில் குறைவாகவும் இருக்கிறது? இதற்கு பேலா பலாசா, பால் சாமுவேல்சன் என்ற பொருளியலாளர்கள் இருவரும் 1964-இல் தனித்தனியாக ஒரே விளக்கத்தைத் தந்தார்கள். முடிவெட்ட இரண்டு நாட்டிலும் கிட்டத்தட்ட அதே இருபது நிமிடம்தான் ஆகிறது. அமெரிக்க முடிதிருத்துநர் பத்து மடங்கு வேகமாகக் கத்தரி ஓட்டுவதில்லை. ஆனால் அதே ஊரில் இருக்கும் தொழிற்சாலையில் ஒரு தொழிலாளி, நல்ல இயந்திரமும் நல்ல ஏற்பாடும் இருப்பதால், ஒரு மணி நேரத்தில் பல மடங்கு சரக்கு உற்பத்தி செய்கிறார். அந்தச் சரக்கு உலகச் சந்தையில் விற்பதால் அவருக்குக் கூடுதல் சம்பளம் கொடுக்க முடிகிறது. முடிதிருத்துநருக்கும் அதற்கு ஓரளவு நெருங்கிய வருமானம் கிடைக்காவிட்டால் அவர் கத்தரியை வைத்துவிட்டு அந்த வேலைக்குப் போய்விடுவார். ஆக, தொழிற்சாலையின் திறன்தான் சலூன் கடையின் விலையை உயர்த்துகிறது. இந்தியாவில் தொழிற்சாலையின் உற்பத்தித்திறன் குறைவு, அதனால் பொதுவாகக் கூலி குறைவு, அதனால் முடிவெட்டும் விலையும் குறைவு.

இதிலிருந்து ஒரு விஷயம் தெளிவாகிறது. 20.65-க்கும் 65.12-க்கும் இடையே உள்ள வித்தியாசத்தை, ரூபாய்க்கு யாரோ செய்த அநியாயமாகவோ, ரூபாய் ஒரு நாள் 20-க்கு வந்தே தீரும் என்பதற்கான அறிகுறியாகவோ படிக்கக் கூடாது. வாட்ஸ்அப்பில் அப்படி ஒரு வாதம் அடிக்கடி வரும், அதில் பொருளே இல்லை. ஏழை நாடுகளில் இந்த இடைவெளி இயல்பானது. நாடு வளர வளர, சந்தை விகிதம் மாறாமல் இருந்தாலும் உள்ளூர்ச் சேவைகளின் விலை ஏறி இடைவெளி மெல்லக் குறையும். மெக்டொனால்ட்ஸ் கடைகளின் பிக் மேக் பர்கர் எந்த நாட்டில் என்ன விலை என்று ஒப்பிட்டு ‘தி எகனாமிஸ்ட்’ பத்திரிகை 1986 முதல் வெளியிடும் பிக் மேக் குறியீட்டை வைத்து ‘இந்த நாணயம் இத்தனை சதவீதம் மலிவு’ என்று சொல்லும்போதும் இதே சிக்கல் உண்டு. ஒரு பர்கரின் விலையில் கோதுமையும் இறைச்சியும் மட்டுமா இருக்கின்றன? கடை வாடகையும் பரிமாறுபவரின் சம்பளமும் இருக்கின்றன. இந்தியாவில் மெக்டொனால்ட்ஸ் மாட்டிறைச்சி பர்கரே விற்காததால் கோழி போட்ட மகாராஜா மேக்கை வைத்து ஒப்பிட வேண்டியிருந்தது. அந்தக் குறியீடு விளையாட்டாகத் தொடங்கியது, அந்த அளவில் ரசித்துவிட்டு விட்டுவிடலாம்.

இப்போது 20.65 மாதிரியான எண் எப்படிக் கிடைக்கிறது என்று பார்ப்போம். இதில்தான் ‘ஒரே கூடை’ என்ற சொல் எவ்வளவு வழுக்கலானது என்று தெரியும். கணக்கு புரிவதற்காக உலகத்தில் மூன்றே பொருள்கள் இருப்பதாக வைத்துக்கொள்கிறேன். விலைகள் நானாகப் போட்டவை.

அரிசி கிலோ இந்தியாவில் 40 ரூபாய், அமெரிக்காவில் 1.60 டாலர். முடிவெட்டு 80 ரூபாய், 20 டாலர். ஒரு செல்போன் 13,000 ரூபாய், 200 டாலர். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே வகுத்தால், அரிசியில் ஒரு டாலர் 25 ரூபாய்க்குச் சமம், முடிவெட்டில் 4 ரூபாய்க்கு, செல்போனில் 65 ரூபாய்க்கு. செல்போன் கப்பலேறி நாடு நாடாகப் போவதால் அதன் விகிதம் சந்தை விகிதத்தோடு ஒட்டி நிற்கிறது. முடிவெட்டு நாம் மேலே பார்த்த காரணத்தால் அடியில் கிடக்கிறது. அரிசி நடுவில்.

இந்த மூன்றையும் சேர்த்து ஒரே எண் வேண்டும். அதற்கு எது எவ்வளவு என்று ஒரு கூடை வேண்டும். யாருடைய கூடை?

ஓர் அமெரிக்கக் குடும்பம் ஆண்டுக்கு 50 கிலோ அரிசி வாங்குகிறது, 24 தடவை முடிவெட்டிக்கொள்கிறது, இரண்டு போன் வாங்குகிறது என்று வைப்போம். அங்கே அதற்கு ஆகும் செலவு 80 + 480 + 400, மொத்தம் 960 டாலர். அதே கூடையை இந்தியாவில் வாங்கினால் 2,000 + 1,920 + 26,000, மொத்தம் 29,920 ரூபாய். வகுத்தால் ஒரு டாலருக்கு 31.17 ரூபாய்.

இந்தியக் குடும்பத்தின் கூடை வேறு மாதிரி. 300 கிலோ அரிசி, 24 முடிவெட்டு, இரண்டு ஆண்டுக்கு ஒரு போன், அதாவது ஆண்டுக்கு அரை போன். இங்கே செலவு 12,000 + 1,920 + 6,500, மொத்தம் 20,420 ரூபாய். அதையே அமெரிக்காவில் வாங்கினால் 480 + 480 + 100, மொத்தம் 1,060 டாலர். வகுத்தால் ஒரு டாலருக்கு 19.26 ரூபாய்.

விலைகளில் ஒரு பைசா மாறவில்லை, கூடை மட்டும்தான் மாறியது. விடை 31-இலிருந்து 19-க்கு வந்துவிட்டது. இது நான் எண்களைத் திருகியதால் வந்ததல்ல. எங்கே எது மலிவோ அதை மக்கள் அதிகம் வாங்குவார்கள். அதனால் ஒவ்வொரு நாட்டின் கூடையும் அந்த நாட்டில் மலிவான பொருள்களால் நிரம்பியிருக்கும், அந்தக் கூடையை வைத்துப் பார்க்கும்போது அந்த நாடே மலிவாகத் தெரியும். இரண்டு நாடுகளின் வாழ்க்கை முறை எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ, இந்த இரண்டு விடைகளும் அவ்வளவு தூரத்தில் இருக்கும்.

எந்தக் கூடை சரி என்று தீர்ப்புச் சொல்ல வழி கிடையாது. ஆகவே இரண்டையும் பெருக்கி, அதன் வர்க்கமூலத்தை எடுக்கிறார்கள். நம் எடுத்துக்காட்டில் 31.17-ஐ 19.26-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 600, அதன் வர்க்கமூலம் 24.5. இரு பக்கத்துக்கும் சாயாத ஒரு நடு எண், அவ்வளவுதான். உண்மையான கணக்கில் இரண்டு நாடுகள் மட்டுமல்ல, நூற்றுக்கு மேற்பட்ட நாடுகள் இருப்பதால், ஒவ்வொரு நாட்டையும் மற்ற எல்லா நாடுகளோடும் இப்படி ஒப்பிட்டு, கிடைத்த விடைகள் ஒன்றோடொன்று முரண்படாதபடி சரிசெய்வார்கள். உத்தி அதேதான், பெருக்கல் மட்டும் அதிகம்.

இந்த வேலையைச் செய்வது பன்னாட்டு ஒப்பீட்டுத் திட்டம். 1968-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பும் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகமும் சேர்ந்து ஆரம்பித்தது, இப்போது உலக வங்கியின் பொறுப்பில் நடக்கிறது. 1970-ஐ அடிப்படையாகக் கொண்ட முதல் ஒப்பீட்டில் கலந்துகொண்டவை பத்து நாடுகள், இந்தியா அதில் ஒன்று. 2017 சுற்றில் 176 நாடுகளும் ஆட்சிப்பகுதிகளும் இருந்தன. இந்தியாவில் விலை சேகரிக்கும் வேலை மத்தியப் புள்ளியியல் அமைச்சகத்துடையது.

கடைக்குப் போய் விலை எழுதுவது சுலபமான வேலை மாதிரித் தோன்றும். ஆனால் ‘அரிசி’ என்று மட்டும் சொன்னால் எந்த அரிசியை எழுதுவது? பாஸ்மதியா, பொன்னியா, இட்லி அரிசியா? சில்லறையா, 25 கிலோ மூட்டையா? அதனால் வகை, தரம், பொட்டலத்தின் அளவு எல்லாவற்றையும் குறிப்பிட்டுத்தான் பட்டியல் போடுகிறார்கள். அப்போது எதிர்ப்பக்கத்தில் ஒரு சிக்கல் முளைக்கிறது. பொருளை இறுக்கமாக வரையறுத்தால், அது சில நாடுகளில் யாரும் வாங்காத பண்டமாகிவிடும். எத்தியோப்பியர்களின் அன்றாட உணவு டெஃப் என்ற சிறுதானியம். பெரும்பாலான நாடுகளின் கடைகளில் அது கிடையவே கிடையாது. டெஃப்பை விட்டுவிட்டால் எத்தியோப்பியாவின் சாப்பாட்டை விட்டதாகிறது. சேர்த்தால் ஒப்பிட எதிர் விலை இல்லை. தளர்த்தி ‘தானியம்’ என்று போட்டால் தரம் வேறுபட்டவற்றை ஒன்றாகக் கருதியதாகிறது. ஒரே மாதிரியான பொருளா, அந்தந்த நாட்டின் உண்மையான பொருளா என்ற இந்த இழுபறிக்கு முழுத் தீர்வு இல்லை. ஆசிய நாடுகளுக்குள்ளே, ஆப்பிரிக்க நாடுகளுக்குள்ளே என்று முதலில் பக்கத்து நாடுகளை ஒப்பிட்டுவிட்டு, அப்புறம் கண்டங்களை இணைப்பதன் மூலம் அதைக் கொஞ்சம் குறைக்கிறார்கள்.

எங்கே விலை எடுக்கிறோம் என்பதும் முக்கியம். சீனா 2005 சுற்றில்தான் முதன்முதலாகக் கலந்துகொண்டது. விலைகள் 11 நகரங்களையும் அவற்றைச் சுற்றிய பகுதிகளையும் சேர்ந்தவை. அந்தக் கணக்கு வெளியானபோது பிபிபி முறையில் சீனப் பொருளாதாரத்தின் அளவு, அதுவரை மதிப்பிட்டிருந்ததைவிட ஏறக்குறைய 40 சதவீதம் சுருங்கியது. சீனாவில் ஒரே இரவில் ஒரு தொழிற்சாலைகூட மூடப்படவில்லை, ஒப்பீட்டு விலைகள் மட்டும் புதிதாக வந்தன. பழைய மதிப்பீடு பலவீனமானது என்பது உண்மை. ஆனால் நகர விலைகளின் பங்கு அதிகமாகி நாடே செலவு கூடிய நாடாகத் தெரிந்திருக்கும் என்று பலர் அப்போதே சொன்னார்கள். 2011 சுற்றில் எண்கள் மறுபடியும் எதிர்த்திசையில் நகர்ந்தன. பிபிபி எண்ணில் தசமத்துக்குப் பின்னால் இரண்டு இலக்கம் இருப்பதைப் பார்த்து, அது அவ்வளவு துல்லியம் என்று நினைத்துவிடக் கூடாது.

இவ்வளவு சிரமமென்றால், மாற்று விகிதத்தைப் பற்றி எதையாவது சொல்ல இந்தக் கருத்து உதவுமா? உதவும். ஆனால் விலையின் அளவைப் பார்க்காமல் மாற்றத்தைப் பார்க்க வேண்டும். பிபிபி என்ற பெயரை 1918-இல் வைத்த ஸ்வீடன் நாட்டுப் பொருளியலாளர் குஸ்தாவ் காஸெலுக்கும் இதுதான் கவலை. முதல் உலகப் போரில் ஐரோப்பிய நாடுகள் தங்கத்தோடு நாணயத்துக்கு இருந்த பிணைப்பை அறுத்துவிட்டு நோட்டு அச்சடித்தன. விலைவாசி ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு வேகத்தில் ஏறியது. போர் முடிந்ததும் பிரிட்டனின் பவுண்டுக்கும் டாலருக்கும் என்ன விகிதம் வைப்பது? பழைய விகிதத்தை எடுத்து, இரண்டு நாட்டிலும் விலைவாசி எத்தனை மடங்கு ஏறியதோ அந்த வித்தியாசத்தால் திருத்து என்றார் காஸெல். ஒரு நாட்டில் விலை இரண்டு மடங்கு, மற்றதில் மூன்று மடங்கு என்றால், மூன்று மடங்கான நாட்டின் நாணயம் மூன்றில் ஒரு பங்கு மதிப்பை இழக்க வேண்டும். பிரிட்டன் 1925-இல் இதைப் பொருட்படுத்தாமல் தங்கப் பிணைப்பை மீண்டும் ஏற்று, பவுண்டுக்கு 4.86 டாலர் என்ற போருக்கு முந்தைய விகிதத்துக்கே திரும்பியது. பவுண்டுக்கு ஏறக்குறைய 10 சதவீதம் கூடுதல் மதிப்பு கொடுத்துவிட்டார்கள் என்று பிரிட்டிஷ் பொருளியலாளர் கீன்ஸ் எதிர்த்தார். பிரிட்டிஷ் நிலக்கரி வெளிநாட்டில் விலைபோகவில்லை, சுரங்கக் கூலியைக் குறைக்கப் பார்த்தார்கள், 1926-இல் பொது வேலைநிறுத்தம் வந்தது. 1931-இல் பிரிட்டன் தங்கப் பிணைப்பைக் கைவிட்டது.

இதே சோதனையை ரூபாய்க்குச் செய்து பார்க்கலாம். 2011-இல் இந்தியாவின் பிபிபி எண் 15.55, 2017-இல் 20.65. ஆறு ஆண்டில் 33 சதவீத ஏற்றம். இங்கே விலைவாசி அமெரிக்காவைவிட வேகமாக ஏறியதன் பதிவு இது. சந்தை விகிதம் அதே காலத்தில் 46.67-இலிருந்து 65.12-க்குப் போனது, ஏறக்குறைய 40 சதவீத ஏற்றம். இரண்டு எண்களும் ஒன்றையொன்று தொடவே இல்லை. ஆனால் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் நடந்திருக்கின்றன. 2011-இலும் 2017-இலும் பிபிபி எண், சந்தை விகிதத்தில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டியே இருக்கிறது.

குறுகிய காலத்தில் இந்தப் பொருத்தத்தைத் தேடினால் ஏமாற்றம்தான். 2013 மே மாதத் தொடக்கத்தில் 54-ஐ ஒட்டி இருந்த டாலர், அமெரிக்க மத்திய வங்கி பணத்தை இறைப்பதைக் குறைக்கப்போகிறது என்ற பேச்சு வந்ததும் ஆகஸ்ட் கடைசியில் 68-ஐத் தொட்டது. அந்த நான்கு மாதத்தில் அரிசி விலையோ முடிவெட்டும் விலையோ அதற்கு ஈடாகத் துள்ளவில்லை. நாணயச் சந்தையை நாளுக்கு நாள் அசைப்பது முதலீட்டுப் பணம், கூடைப் பொருள்கள் அல்ல. பணக்கார நாடுகளின் நாணயங்கள் இப்படி விலகிப்போனால், அந்த விலகலில் பாதி மறையவே 3 முதல் 5 ஆண்டு ஆகிறது என்று கென்னத் ரோகாஃப் 1996-இல் தொகுத்துக் காட்டினார். நாளைக்கு டாலர் என்ன விலை என்று தெரிந்துகொள்ள பிபிபியைப் பார்ப்பது வீண்.

அப்படியானால் எந்த எண்ணை எப்போது எடுப்பது? பணம் எங்கே செலவாகிறது என்று கேட்டால் போதும். 2017 கணக்கில் இந்தியாவின் மொத்த உற்பத்தி பிபிபி முறையில் 8.05 லட்சம் கோடி டாலர், சீனாவுக்கும் அமெரிக்காவுக்கும் அடுத்து மூன்றாவது இடம். அதே ரூபாயைச் சந்தை விகிதத்தில் மாற்றினால் ஏறக்குறைய 2.55 லட்சம் கோடிதான். இந்தியர்கள் எவ்வளவு சாப்பிடுகிறார்கள், உடுத்துகிறார்கள், எத்தனை பேருக்கு வைத்தியம் நடக்கிறது என்று அறிய முதல் எண் பொருத்தமானது. கச்சா எண்ணெய் விற்பவரும் வெளிநாட்டுக் கடன் கொடுத்தவரும் முதல் எண்ணை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள். அவர்களுக்கு அந்த ஆண்டில் 65 ரூபாய் கொடுத்தால்தான் ஒரு டாலர்.

அதே 2017 விகிதங்களில் பார்த்தால் ஒரு வீட்டுக் கணக்கும் இப்படித்தான். அமெரிக்காவில் வேலை பார்க்கும் மகளுக்கு மாதம் கைக்கு 5,000 டாலர் வருகிறது என்றால், ஊரில் உடனே 65-ஆல் பெருக்கி மூன்றேகால் லட்சம் என்பார்கள். அவள் 4,000 டாலரை அங்கேயே செலவழித்து, 1,000 டாலரை வீட்டுக்கு அனுப்புகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அங்கே செலவாகும் 4,000 டாலர் தரும் வாழ்க்கையை இங்கே வாழ 20.65 வீதம் ஏறக்குறைய 82,600 ரூபாய் போதும். வீட்டுக்கு வரும் 1,000 டாலருக்கோ சந்தை விகிதம்தான், அது 65,120 ரூபாயாக வந்து சேரும். இதுவும் தோராயம்தான். 20.65 என்பது நாட்டின் மொத்த உற்பத்திக்கான எண், அதில் கட்டுமானமும் இயந்திரங்களும் அரசுச் சேவைகளும் கலந்திருக்கின்றன. குடும்பச் செலவுக்கென்று தனி பிபிபி எண் உண்டு, வறுமைக்கோட்டுக் கணக்குகளில் உலக வங்கி அதைத்தான் எடுக்கிறது. அதுவும் நாடு முழுவதற்குமான சராசரி. அவள் திரும்பி வந்து சென்னையில் அடையாறில் வாடகைக்கு வீடு எடுத்து, பிள்ளையை சர்வதேசப் பள்ளியில் சேர்த்து, இறக்குமதியான காரை வாங்கினால் அவளுடைய தனிப்பட்ட விகிதம் 20-ஐ விட நன்றாக மேலே போகும். சொந்த ஊரில் சொந்த வீட்டில் இருந்துகொண்டு சமைக்கவும் துடைக்கவும் ஆள் வைத்துக்கொண்டால், அது 20-க்கும் கீழே இறங்கிவிடலாம்.